குறிப்பு, சலுகை, கதை: சேர்த்துவைத்த பதிவுகளுக்கு டேக் போட்டு விகிதம் காப்பது எப்படி

மும்பை மாதுங்காவில் காபிப் பொடியும் இட்லிப் பொடியும் வடகமும் விற்கும் ஒரு சின்னக் கடைக்கு இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பதிவுகளைப் பார்த்துக்கொள்கிறேன். கடையை நடத்தும் மாமி வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: "எப்பப் பார்த்தாலும் விலையையே சொல்லிண்டு இருக்கப்படாது." நியாயமான நிபந்தனை. ஆனால் அதைக் காப்பாற்ற நல்ல எண்ணம் மட்டும் போதாது. எழுதிச் சேர்த்துவைத்த பதிவுகளில் சலுகை பாதிக்கு மேல் இருந்தால், அதிலிருந்து கைக்குக் கிடைத்ததை எடுத்து அட்டவணையில் போடும்போது வெளியே போவதிலும் சலுகை பாதிக்கு மேல்தான் இருக்கும். பதிவைச் சேர்த்துவைக்கும்போதே வகையைக் குறித்து, எடுக்கும்போது அந்த வகையைக் கேட்டு எடுத்தால்தான் இது மாறும்.

இதற்கென்று காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு கூகுள் ஷீட் போதும். பதிவை நேரம் குறித்து வெளியிட மெட்டா பிசினஸ் சூட் மாதிரி எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாளில் எந்த வகை போக வேண்டும் என்பதை மட்டும் ஷீட் முடிவு செய்யட்டும்.

முதலில், ஒரு பதிவுக்கு ஒரே வகை

வேலையில் பாதி சிக்கல் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். வகை மூன்று: குறிப்பு, சலுகை, கதை. ஒரு பதிவுக்கு இதில் ஒன்றுதான் இருக்க வேண்டும். "கதை + சலுகை" என்று இரண்டு போட்டால் எண்ணும்போது அது இரண்டு பக்கமும் சேரும், கணக்கு குழம்பிவிடும். ஆனால் நிஜத்தில் பதிவுகள் கலந்துதான் இருக்கும். மாமியே ஒரு பதிவைக் காட்டிக் கேட்டார்: "இதுல கதையும் இருக்கு, விலையும் இருக்கு. இதை எதுல சேர்க்கறது?"

இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு முறையும் யோசித்துப் பதில் சொன்னால் திங்கட்கிழமை ஒரு மாதிரியும் வெள்ளிக்கிழமை ஒரு மாதிரியும் முடிவெடுப்போம். அதனால் மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேட்டு, எதற்கு முதலில் 'ஆமாம்' வருகிறதோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

ஒன்று: இதில் விலையோ, தள்ளுபடியோ, ஆர்டர் செய்யக் கடைசித் தேதியோ இருக்கிறதா? இருந்தால் சலுகை. இரண்டு: பொருளை வாங்காமலேயே, படித்தவர் தன் வீட்டில் செய்து பார்க்கக்கூடிய ஏதாவது இருக்கிறதா? இருந்தால் குறிப்பு. மூன்று: ஒரு மனிதர், ஓர் இடம், நடந்த ஒரு சம்பவம் இருக்கிறதா? இருந்தால் கதை. மூன்றுக்கும் 'இல்லை' என்றால் அது பெரும்பாலும் "இனிய காலை வணக்கம்" வகையறா. அதைச் சேர்ப்பில் வைக்கவே வேண்டாம்.

விலைக்கு முதலிடம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. மேலே எவ்வளவு அழகாகக் கதை சொல்லியிருந்தாலும் கடைசி வரியில் "அரைக் கிலோ இவ்வளவு, இன்றே ஆர்டர் செய்யுங்கள்" என்று முடிந்தால், படிப்பவர் மனத்தில் அது விளம்பரமாகத்தான் பதியும். நாம் காக்கப் பார்க்கும் விகிதம் அவர் உணரும் விகிதம். நாம் உழைத்த உழைப்பின் விகிதம் அல்ல.

மாமி காட்டிய பதிவையே எடுத்துக்கொள்வோம். செம்பூரிலிருந்து வாராவாரம் ரயிலேறி வந்து பொடி வாங்கும் ஒரு பெரியவர், சிக்கரியைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் 80:20 கலவையில் வந்து நின்றதைச் சொல்லும் பதிவு. ஆறு வரி கதை, ஏழாவது வரி 80:20 கலவையின் விலை. முதல் கேள்வியிலேயே சலுகை என்று ஆகிவிட்டது. மாமிக்கு மனசே இல்லை. சரி, ஏழாவது வரியை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பப் படித்தோம். கதை குறைபடாமல் நின்றது. விலை வரியை இன்னொரு சலுகைப் பதிவுக்குக் கொடுத்துவிட்டு, இதற்குக் கதை என்று டேக் போட்டோம். விலை வரியை எடுத்தால் பதிவே நிற்காது என்றால் அது பிறவியிலேயே சலுகை. அதை மாற்ற முயல வேண்டாம்.

இங்கே நிறையப் பேர் தடுமாறும் ஓர் இடம்: ரீல், படம், இன்ஸ்டாகிராம் ஸ்டோரி என்பதெல்லாம் வடிவம். இந்த வகைக்குள் அவற்றைக் கொண்டுவராதீர்கள். தள்ளுபடியைச் சொல்லும் ரீல் சலுகைதான். வடிவத்தைக் குறிக்க ஆசை என்றால் ஷீட்டில் தனிப் பத்தியில் குறித்துக்கொள்ளலாம்.

"இன்று கடை இரண்டு மணிக்கு மூடுகிறோம்" மாதிரியானவற்றுக்கு அறிவிப்பு என்று நான்காவது டேக் வைத்துக்கொள்ளுங்கள். அது விகிதக் கணக்கில் வராது.

ஷீட்டை அமைப்பது

முதல் தாளுக்குக் களஞ்சியம் என்று பெயர் வையுங்கள். ஒரு வரிசைக்கு ஒரு பதிவு. பத்திகள் இப்படி: A எண், B பதிவின் சுருக்கம், C வகை, D பொருள், E கடைசித் தேதி, F கடைசியாக வந்த தேதி, G பருவம்.

C, D, G மூன்றையும் கையால் தட்டச்சு செய்யக் கூடாது. Data மெனுவில் Data validation போய், கீழிறங்கும் பட்டியலாக வையுங்கள். ஒருவர் 'கதை' என்றும் இன்னொருவர் 'கதைகள்' என்றும் போட்டால் ஷீட்டுக்கு அவை இரண்டு வகை. சொல்லுக்குப் பின்னால் ஒரு இடைவெளி விழுந்தாலும் எண்ணிக்கையில் விட்டுப்போகும், கண்ணுக்கும் தெரியாது. மொத்தப் பதிவு 60 இருக்க, வகைவாரியாகக் கூட்டினால் 57 வருகிறது என்றால் காரணம் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

பொருள் பத்தியில் காபி, பொடி, வடகம், பொது என நான்கைந்து போதும். இருபது பொருள் டேக் வைத்தால் ஒரு மாதத்தில் யாரும் போட மாட்டார்கள்.

கடைசித் தேதியில் கொஞ்சம் கவனம் வேண்டும். சலுகைக்குக் கடைசித் தேதி இருப்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் சில பதிவுகளில் காலாவதி ஒளிந்திருக்கும். "இந்த வருஷ நவராத்திரிக்கு" என்று ஒரு சொல் வந்தாலே அடுத்த வருடம் அதைப் போட முடியாது. அதைவிட மோசம், படத்துக்குள்ளேயே விலை இருப்பது. பாக்கெட்டில் ஒட்டிய விலைச்சீட்டு படத்தில் தெரிந்தால், விலை ஏறும் அன்றே அந்தப் பதிவு செத்துப்போகும். எழுத்தில் தேடினால் அது அகப்படாது. டேக் போட உட்காரும்போது எழுத்தை மட்டும் படிக்காமல் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். விலை தெரிந்தால் சுருக்கத்தில் 'படத்தில் விலை' என்று குறித்துவிடுங்கள். விலை மாறும் நாளில் அந்தச் சொல்லைத் தேடினால் எல்லாம் ஒரேயடியாகக் கிடைத்துவிடும்.

பருவம் பத்தியில் 'எப்போதும்' என்பதுதான் பெரும்பாலும் இருக்கும். அது போக மழை, கோடை, நவராத்திரி, தீபாவளி, பொங்கல். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. பொடியை ஈரக் கரண்டியால் எடுக்காதீர்கள், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த காபி டப்பாவை உடனே திறந்தால் உள்ளே ஈரம் படியும் என்பவையெல்லாம் அப்போது எடுபடும் குறிப்புகள். வடகம் பிழியும் குறிப்பை ஜூலையில் போட்டால் இங்கே யாருக்கும் பயன் இல்லை. வெயிலுக்கு எங்கே போவார்கள்?

திட்டத் தாள்: முதலில் இடம், அப்புறம் பதிவு

இரண்டாவது தாளுக்குத் திட்டம் என்று பெயர். A தேதி, B அன்றைக்கு வேண்டிய வகை, C பதிவின் எண், D உண்மையில் போன வகை.

எங்கள் கடைக்கு வாரம் ஐந்து பதிவு. இரண்டு வாரத்துக்குப் பத்து இடம். அதில் குறிப்பு 5, கதை 3, சலுகை 2 என்று வைத்தோம். இது எல்லாக் கடைக்கும் பொருந்தும் மந்திர எண் கிடையாது. வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்ப வாங்கும் பொருள் என்பதால் சலுகையைக் குறைத்தோம், அவ்வளவுதான். திங்கள் முதல் வெள்ளி வரை வரிசை இப்படி:

முதல் வாரம்: குறிப்பு, கதை, குறிப்பு, சலுகை, குறிப்பு.
இரண்டாம் வாரம்: கதை, குறிப்பு, கதை, சலுகை, குறிப்பு.

சலுகை வியாழனில் வருவது வார இறுதியில் கடைக்கு வருகிறவர்களுக்காக. இரண்டு சலுகைக்கு நடுவே எப்போதும் வேறு நான்கு பதிவு இருக்கும். இந்த வரிசையை B பத்தியில் கீழே வரை ஒட்டிவிடுங்கள். பதிவு எதுவும் தேர்ந்தெடுக்காமலேயே அடுத்த இரண்டு மாதத்துக்கு எந்த நாளில் எது வேண்டும் என்பது தயாராக இருக்கும்.

D பத்தியில் இந்தச் சூத்திரம்:

```
=IFERROR(VLOOKUP(C2,'களஞ்சியம்'!A:C,3,FALSE),"")
```

வேண்டியது B, போனது D. இரண்டையும் தனித்தனியாக வைப்பதுதான் முக்கியம். அவசரத்தில் கதை இடத்தில் சலுகையைச் செருகிவிட்டு, B பத்தியைப் பார்த்து விகிதம் சரியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பது ரொம்ப சுலபம். Conditional formatting-இல் கீழே உள்ளதைக் கொடுத்துச் சிவப்பு நிறம் வைத்தால், மாறிப்போன வரிசை பளிச்சென்று தெரியும்:

```
=AND($C2<>"",$B2<>$D2)
```

இப்போது களஞ்சியத்தின் F பத்திக்கு வருவோம். ஒரு பதிவு கடைசியாக எப்போது வந்தது என்பதைக் கையால் எழுதினால் நிச்சயம் மறந்துபோகும். திட்டத் தாளிலிருந்தே அது வரட்டும்:

```
=MAXIFS('திட்டம்'!A:A,'திட்டம்'!C:C,A2)
```

இதுவரை வராத பதிவுக்கு இது 0 கொடுக்கும். தேதியாக வடிவமைத்திருந்தால் 30/12/1899 என்று காட்டும், பயப்பட வேண்டாம். அந்த 0 நமக்கு உதவிதான். காலியாக விட்டிருந்தால் வரிசைப்படுத்தும்போது வராத பதிவுகள் கடைசிக்குப் போய்விடும். 0 இருப்பதால் அவை முதலில் வரும். கடந்த மூன்று மாதத்தில் போன பதிவுகளையும் திட்டத் தாளில் ஏற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் போன வாரம் போனது கூடப் புதிதாகத் தெரியும்.

பதிவைத் தேர்ந்தெடுப்பது

மூன்றாவது தாள், தேர்வு. B1-இல் பதிவு போக வேண்டிய தேதி, B2-இல் வேண்டிய வகை. A4-இல் இது:

```
=SORT(FILTER('களஞ்சியம்'!A2:G,
 'களஞ்சியம்'!C2:C=B2,
 ('களஞ்சியம்'!E2:E="")+('களஞ்சியம்'!E2:E>=B1),
 'களஞ்சியம்'!F2:F<=B1-90),6,TRUE)
```

கேட்ட வகையில், அந்தத் தேதியில் காலாவதி ஆகாத, முந்தைய 90 நாளில் வராத பதிவுகள் மட்டும், ரொம்ப நாளாக வராதது முதலில் என்ற வரிசையில் நிற்கும். காலாவதியை இன்றைய தேதியோடு ஒப்பிடாமல் B1 தேதியோடு ஒப்பிடுவதைக் கவனியுங்கள். மூன்று வாரம் கழித்துப் போக வேண்டிய பதிவை இன்றைக்குத் தேர்ந்தெடுக்கிறோம். இன்றைய தேதியோடு ஒப்பிட்டால், நடுவில் காலாவதி ஆகும் சலுகை நழுவி வெளியே போய்விடும்.

மேலே இருப்பவற்றில் பருவத்தையும் பொருளையும் கண்ணால் பார்த்து ஒன்றை எடுத்து, அதன் எண்ணைத் திட்டத்தில் போடுங்கள். மேலே நிற்கும் நான்கும் காபியாக இருந்தால் ஐந்தாவதை எடுப்பதில் தவறில்லை. இதையும் சூத்திரத்துக்குள் கொண்டுவரலாம், ஆனால் இந்த ஒரு முடிவை மனிதர் எடுப்பதே நல்லது என்பது என் கருத்து. கிருஷ்ண ஜெயந்திக்கு முந்தின நாள் என்ன போட வேண்டும் என்பது மாமிக்குத்தான் தெரியும்.

கையிருப்புக் கணக்கு

டேக் போட்டு முடித்ததும் எங்களிடம் இருந்தது: 60 பதிவு, அதில் சலுகை 31, குறிப்பு 20, கதை 9. மாமியின் மனக்குறை எங்கிருந்து வந்தது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அந்த 31 சலுகையிலும் 24 காலாவதி. மிச்சம் 7.

இப்போது ஒவ்வொரு வகையும் எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க வேண்டும். கையில் உள்ளதை, இரண்டு வாரத்துக்கு வேண்டியதால் வகுத்து, வாரக் கணக்குக்கு இரண்டால் பெருக்கினால் போதும். கதை 9, தேவை 3, ஆக ஆறு வாரம். குறிப்பு 20, தேவை 5, ஆக எட்டு வாரம். சலுகை 7, தேவை 2, ஆக ஏழு வாரம். ஆறாவது வாரம் முடிந்ததும் கதை தீரும். அதற்குப் பிறகு கதை இடத்தில் சலுகை ஏறி உட்காரும். விகிதம் உடைவது பெரும்பாலும் இப்படித்தான்: யாரும் முடிவெடுத்து உடைப்பதில்லை, ஒரு வகை தீர்ந்துபோகிறது.

90 நாளுக்குத் திரும்ப வராமல் இருக்க எவ்வளவு வேண்டும்? 90 நாள் என்பது ஏறத்தாழ ஆறரை இரு-வாரச் சுற்று. கதை மூன்றென்றால் 20 வேண்டும், குறிப்பு ஐந்தென்றால் 33 வேண்டும். எங்களுக்குப் பற்றாக்குறை கதையில் 11, குறிப்பில் 13. எழுத உட்காரும்போது "ஏதாவது எழுதலாம்" என்று இல்லாமல், "இரண்டு வாரத்துக்கு மூன்று கதையாவது புதிதாக வர வேண்டும்" என்ற தெளிவு அதிலிருந்துதான் வந்தது. சலுகை எப்படியும் கடையில் புதிது புதிதாகப் பிறக்கும், அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

கதைக்கு எங்கே போவது? கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடம் போங்கள். மாமியிடம் அரை மணி நேரம் பேசினால் வடகம் உலர்த்த மொட்டை மாடிக்கு நடந்த போட்டி, வறுக்கும் இயந்திரம் வாங்கிய கதை, ஊருக்குப் போகும்போது பொடி வாங்கிப் போகும் குடும்பங்கள் என்று நாலைந்து கிடைக்கும். வாடிக்கையாளரைப் பற்றியது என்றால் அவரிடம் கேட்டு, சம்மதம் வாங்கிய பிறகுதான் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும். ஒரு நீண்ட கதையை மூன்றாக உடைக்கலாம், ஆனால் ஒவ்வொன்றும் தனியாகப் படித்தால் நிற்க வேண்டும்.

அவ்வளவு கதை எழுத முடியாது என்றால் விகிதத்தைத் தொடாதீர்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள். வாரம் ஐந்துக்குப் பதில் மூன்று பதிவு போட்டு விகிதம் காப்பது, ஐந்து போட்டு மூன்றில் விலை சொல்வதைவிட எவ்வளவோ மேல்.

தீபாவளி மாதிரியான வாரங்கள்

பண்டிகை வாரத்தில் சலுகை கூடும். அது வியாபாரம், தடுக்கக் கூடாது. அதனால்தான் விகிதத்தை வாரக் கணக்கில் பார்க்காமல் 28 நாள் கணக்கில் பார்க்கிறோம். 28 நாளில் 20 பதிவு. அதில் சலுகைக்கு உரியது 4. தீபாவளி வாரத்திலேயே 3 போய்விட்டால் மற்ற மூன்று வாரத்துக்கும் சேர்த்து 1 தான் பாக்கி. அதை முன்கூட்டியே பிடித்தம் செய்துவிடுங்கள்: பண்டிகைக்கு முந்தைய இரண்டு வியாழன்களின் சலுகை இடத்தைக் குறிப்பாகவோ கதையாகவோ மாற்றி B பத்தியில் எழுதிவிட வேண்டும். பண்டிகை முடிந்த பிறகு ஈடுகட்டலாம் என்று விட்டால் பெரும்பாலும் நடக்காது, மீந்துபோன சரக்கைத் தள்ளும் அவசரம் வந்துவிடும்.

உண்மையில் போனதை எண்ண:

```
=COUNTIFS('திட்டம்'!D:D,"சலுகை",
 'திட்டம்'!A:A,">"&TODAY()-28,
 'திட்டம்'!A:A,"<="&TODAY())
```

'சலுகை' இருக்கும் இடத்தில் 'குறிப்பு', 'கதை' என்று மாற்றி மூன்று கட்டம் வைத்துக்கொள்ளுங்கள். 20-க்கு 10, 6, 4 என்று வர வேண்டும். ஒன்று கூடக் குறைய இருந்தால் விட்டுவிடலாம். சலுகை 6-ஐத் தொட்டால் அடுத்த சலுகை இடத்தைக் கதைக்குக் கொடுங்கள்.

எண்ணிக்கை சரியாகக் காட்டியும் பக்கத்தைத் திறந்து பார்த்தால் சலுகையாகவே தெரிகிறதா? அப்படியென்றால் ஷீட்டுக்கு வெளியே பதிவு போகிறது. கடையில் யாரோ ஒருவர், சரக்கு வந்த சந்தோஷத்தில், கைபேசியிலிருந்து நேராகப் போட்டிருப்பார். அதைத் தடுக்க முயல வேண்டாம். போட்டதை ஒரு வரி வாட்ஸாப்பில் சொல்லச் சொல்லி, அன்றைக்கே களஞ்சியத்தில் எண் கொடுத்துத் திட்டத்தில் ஏற்றுங்கள். எங்கள் கடையில் இதைச் செய்த பிறகுதான் கணக்கும் பக்கமும் ஒத்துப்போயின.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, புதிய பத்து இடங்களை நிரப்ப உட்காரும்போது, பழைய டேக்குகளில் ஐந்தாறை எடுத்து அந்த மூன்று கேள்வியை மறுபடி கேட்டுப் பாருங்கள். வேறு பதில் வந்தால் பதிவைத் திருத்திய யாரோ விலையைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். தேர்வுத் தாளில் #N/A வந்தால் சூத்திரத்தில் பிழை தேட வேண்டாம், அந்த வகையில் கையிருப்பு தீர்ந்துவிட்டது. 90-ஐ 60 ஆக்கிப் பார்க்கலாம், ஆனால் 45-க்குக் கீழே போகாதீர்கள். வழக்கமாகப் படிக்கும் வாடிக்கையாளர் "இதைப் போன மாதமே போட்டீர்களே" என்பார். அப்போதும் பதிவு கிடைக்காவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, மாமியிடம் போய் உட்காருங்கள்.